பதினெட்டு நிபந்தனைகளும் ஒரு கைபேசியும்

2012ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் பண்டிகையின்போது, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கேப் காட் என்னும் கடலோரப் பிரதேசத்தில் வசித்த ஜேனல் பர்லி ஹாஃப்மன் என்ற தாயார், 13 வயதான தம் மகனுக்கு ஓர் ஐபோனைப் பரிசாகக் கொடுத்தார். பரிசுடன் கூடவே, அதை அவன் என்னென்ன நிபந்தனைகளுக்கு உட்பட்டு உபயோகிக்கலாம் என்பதைப் பதினெட்டு விதிகளாக வகுத்துச் சொல்லும் ஒரு கடிதத்தையும் சேர்த்துக் கொடுத்தார். ஐந்து குழந்தைகளுக்குத் தாயான அவர் தம் வீட்டுக்கென்று எழுதிய அந்தக் கடிதம், பொதுமக்களின் பார்வைக்கு வந்த சில தினங்களுக்குள் அமெரிக்கப் பத்திரிகைகளிலும் தொலைக்காட்சியிலும் பெரிய விவாதத்துக்கு உரிய விஷயமாகிவிட்டது. 2014இல் அதை விரித்து ‘ஐரூல்ஸ்’ என்ற புத்தகத்தையும் அவர் வெளியிட்டார். இன்று ஆங்கிலம் பேசும் நாடுகளில் பெற்றோர்கள் பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுக்கும் கைபேசி உடன்படிக்கைகளில் பல, தெரிந்தோ தெரியாமலோ, இந்தக் கடிதத்தின் சாயலைக் கொண்டிருக்கின்றன.

ஒரு குடும்பக் கடிதத்துக்கு இத்தனை வரவேற்பு கிடைத்ததற்குக் காரணம் அது எழுதப்பட்ட காலந்தான். பியூ ஆராய்ச்சி மையத்தின் கணக்குப்படி, 2011இல் 12 முதல் 17 வயது வரையுள்ள அமெரிக்கப் பிள்ளைகளில் 23 சதவீதத்தினரிடம் ஸ்மார்ட்போன் இருந்தது. அடுத்த ஆண்டிலேயே அது 37 சதவீதமாக உயர்ந்துவிட்டது. பிள்ளையின் கையில் மோட்டார் வண்டியின் சாவியைக் கொடுப்பதற்கு அந்த நாட்டில் சட்டமும் பரீட்சையும் தலைமுறை தலைமுறையான வழக்கமும் இருந்தன. இந்தக் கருவியைக் கொடுப்பதற்கு எந்த வழக்கமும் ஏற்பட்டிருக்கவில்லை. வழக்கம் இல்லாத இடத்தில் எழுத்தைத் துணைக்கு அழைத்துக்கொண்ட முயற்சி என்ற முறையில், இந்தக் கடிதம் ஒரு சட்ட வரைவைப் படிப்பது போன்ற கவனத்துடன் படிக்கத் தகுந்தது. அப்படிப் படித்துப் பார்த்து, இதன் விதிகளில் எவை ஒரு வீட்டுக்குள் உண்மையாகவே நடைமுறைக்கு வரக்கூடியவை, எவை நல்லெண்ணத்தோடு எழுதப்பட்டும் எதிரிடையான பலனைத் தரக்கூடியவை என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் உத்தேசம்.

கடிதத்தின் முகவுரை, மகனை அந்தக் கைபேசியின் சொந்தக்காரன் என்று வாழ்த்துகிறது. விதிகளை மீறினால் அந்த உரிமை பறிபோகும் என்றும் எச்சரிக்கிறது. ஆனால் முதல் விதியோ, கைபேசி தாயுடையது, அவரே விலை கொடுத்து வாங்கினார், மாதக் கட்டணத்தையும் அவரே செலுத்துகிறார், மகனுக்கு அது இரவல்தான் என்று அறிவிக்கிறது. பரிசு என்றால் கொடுத்தவருக்கு அதன்மேல் அதிகாரம் இல்லை. இரவல் என்றால் வாங்கியவனுக்கு அதன்மேல் உரிமை இல்லை. இந்த முரண்பாட்டை எழுத்தாளரின் கவனக் குறைவு என்று நான் கருதவில்லை. பதின்ம வயதுப் பிள்ளையின் நிலைமையே அத்தகையது: அவனுக்கென்று ஒன்றைக் கொடுக்கவும் வேண்டும், கொடுத்ததை மேற்பார்வை செய்யவும் வேண்டும். ஆயினும், ‘இது என் போன்’ என்று மகனும் ‘இது நான் கொடுத்த இரவல்’ என்று தாயும் வெவ்வேறாக எண்ணிக்கொண்டிருந்தால், முதல் தகராறு வரும் நாளில் இருவரும் ஒரே கடிதத்தைக் காட்டித் தத்தம் கட்சியை நிலைநாட்ட முடியும் என்பதால், இரண்டில் எது என்பதை முகவுரையிலேயே தீர்மானித்துவிடுவது மேல். தீர்மானிப்பதாயின், இரவல் என்பதே சரி என்பது என் அபிப்பிராயம். அமெரிக்கச் சட்டத்தில், 18 வயது நிரம்பாதவர் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தை, பொதுவாகப் பார்த்தால், அவர் விரும்பும்போது ரத்து செய்துவிடலாம். ஆகையால் இந்தக் காகிதம் எந்த நீதிஸ்தலத்திலும் செல்லாது. இதற்குள்ள பலமெல்லாம், இரு தரப்பாரும் இதை நியாயமானதென்று ஒப்புக்கொள்வதிலேயே இருக்கிறது.

இரண்டாம் விதி சுருக்கமானது: கடவுச்சொல் எப்போதும் தாய்க்குத் தெரிந்திருக்க வேண்டும். கடிதத்திலேயே மிகுந்த பாதுகாப்பைத் தருவதாகத் தோன்றுவது இதுதான்; ஆராய்ந்து பார்க்கையில் மிகக் குறைவான பாதுகாப்பைத் தருவதும் இதுதான். 2012இல் ஐபோனின் பூட்டு சாதாரணமாக நான்கு இலக்கங்களால் ஆனது. அந்த நான்கு இலக்கங்களும் வாசற்கதவை மட்டுமே திறந்தன. உள்ளே இருக்கும் ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனிக் கணக்கும் தனித்தனிக் கடவுச்சொல்லும் உண்டு. பார்த்தவுடன் படம் மறைந்துபோகும்படி அமைக்கப்பட்ட ஸ்னாப்சாட், இந்தக் கடிதத்துக்கு ஓராண்டு முன்னதாகவே, 2011இல் தோன்றிவிட்டது. கைபேசியைத் திறந்து பார்க்கும் தாய், பிள்ளை அழிக்காமல் விட்டதை மாத்திரமே பார்க்கிறாள். அழிக்க வேண்டியது எது என்று தெரிந்துகொண்டுவிட்ட பிள்ளையின் கைபேசி, பரிசோதனையின்போது எப்பொழுதும் சுத்தமாகவே இருக்கும்.

பெற்றோருக்குப் பிள்ளைகளைப் பற்றித் தெரிவதெல்லாம் எந்த வழியாகத் தெரிகிறது என்ற கேள்வியை ஸ்வீடனில் பணியாற்றிய உளவியல் அறிஞர்களான ஹோகன் ஸ்டாடினும் மார்கரெட் கெர்ரும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்றில் எழுப்பினார்கள். அதற்கு முன்பெல்லாம், பிள்ளை எங்கே போகிறான், யாருடன் பழகுகிறான் என்பது பெற்றோருக்கு அதிகமாகத் தெரிந்திருந்தால், அது அவர்கள் விழிப்புடன் கண்காணித்ததன் பலன் என்று ஆராய்ச்சியாளர்கள் பெரும்பாலும் அனுமானித்து வந்தார்கள். 14 வயதுப் பிள்ளைகள் 703 பேரையும் அவர்களுடைய பெற்றோரையும் விசாரித்த இவ்விருவரும், பெற்றோர் கேட்டுத் தெரிந்துகொண்டது எவ்வளவு, கட்டுப்பாடு விதித்துத் தெரிந்துகொண்டது எவ்வளவு, பிள்ளை தானாகவே வந்து சொன்னதால் தெரிந்தது எவ்வளவு என்று மூன்றையும் பிரித்துப் பார்த்தபோது, மூன்றாவதே மற்ற இரண்டையும்விட மிகப் பெரிய ஊற்றாக இருக்கக் கண்டார்கள். பிள்ளை தான் கட்டுப்படுத்தப்படுவதாக உணர்வது, அவன் நடத்தையும் மனநிலையும் சீர்கெட்டிருப்பதோடு சேர்ந்தே காணப்பட்டது. இவை சேர்ந்து காணப்படுவனவே தவிர, ஒன்றே மற்றொன்றுக்குக் காரணம் என்று அந்த ஆய்விலிருந்து சாதித்துவிட முடியாது. ஏற்கெனவே வழி தவறிய பிள்ளையைப் பெற்றோர் இறுக்கிப் பிடிப்பதும் உண்டு. ஆனால் ஒரு முடிவு நிற்கிறது: கடவுச்சொல் தாயின் கையில் இருப்பதைக் காட்டிலும், பிள்ளை தாயிடம் வந்து வாய் திறப்பதே அவளுக்கு அதிகமான விஷயங்களை அறிவிக்கிறது. ஆகவே எந்த விதியையும், அது பிள்ளை வாய் திறப்பதை எளிதாக்குகிறதா, அடைத்துவிடுகிறதா என்ற உரைகல்லில் உரைத்துப் பார்த்தே மதிப்பிட வேண்டும்.

கடவுச்சொல் விதியில் இன்னோர் அம்சம் விட்டுப்போயிருக்கிறது. மகனின் கைபேசியில் உள்ள உரையாடல்களில் பாதி மற்றவர்களுடையவை. தன் வீட்டில் பெற்றோர் பிரிந்து போவதைப் பற்றியோ, தன் உடம்பைப் பற்றிய கவலையைப் பற்றியோ ஒரு நண்பன் எழுதினால், அவன் எழுதியது தோழனுக்கு, தோழனின் தாய்க்கல்ல. கடிதத்துக்குச் சம்மதித்தவன் மகன் ஒருவனே. அந்த நண்பன் எந்தச் சம்மதமும் கொடுக்கவில்லை. இதற்காகக் கடவுச்சொல்லைத் தெரிந்துவைத்திருப்பதே தவறென்று நான் சொல்ல வரவில்லை. பிள்ளை வீடு திரும்பாத இரவில் அது தேவைப்படலாம். எந்தச் சந்தர்ப்பத்தில் திறந்து பார்ப்போம், பார்க்கும்போது அவனும் பக்கத்தில் இருப்பானா, இல்லையா என்ற இரண்டையும் விதியிலேயே எழுதிவிட்டால், அந்த அதிகாரத்துக்கு ஓர் எல்லை ஏற்படுகிறது. எல்லை கண்ட அதிகாரத்துக்குப் பிள்ளைகள் உடன்படுவது எளிது.

மூன்றாம் விதி, தாயோ தந்தையோ அழைத்தால் தவறாமல் எடுத்து மரியாதையுடன் பேச வேண்டும் என்பது. கைபேசி வாங்கிக் கொடுப்பதற்குப் பெற்றோர் சொல்லும் முதல் காரணமே அதுவாகையால், அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நான்காம் விதியில்தான் சற்று நீடித்து நிற்க வேண்டியிருக்கிறது, ஏனெனில் பதினெட்டு விதிகளிலும் முற்றிலும் நடைமுறைக்கு உரியது இதுவே. பள்ளி நாட்களில் இரவு 7.30 மணிக்கும், வாரக் கடைசி நாட்களில் 9 மணிக்கும் கைபேசியைப் பெற்றோரில் ஒருவரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். இரவு முழுவதும் அணைந்திருக்கும் அது மறுநாள் காலை 7.30 மணிக்குத்தான் மீண்டும் இயக்கப்படும். இந்த விதியோடு ஓர் அழகான அளவுகோலையும் தாயார் சேர்த்திருக்கிறார்: ஒரு வீட்டின் கூடத்திலுள்ள பழைய தொலைபேசிக்கு, அந்த வீட்டுப் பெரியவர்களே எடுக்கக்கூடும் என்ற நிலையில், எந்த நேரத்தில் அழைக்கத் தயங்குவோமோ அந்த நேரத்தில் செய்தியும் அனுப்பலாகாது. பிறருடைய வீடு உறங்கும் நேரத்தை மதிப்பது என்ற பழைய மரியாதையைப் புதிய கருவிக்கு மாற்றிக் கொடுக்கும் இந்த ஒரு வாக்கியம், மணி பார்த்து விதிக்கும் கட்டளையைவிட நீண்ட நாள் உயிரோடு இருக்கும்.

இரவில் கருவியை அறையிலிருந்து அகற்றுவதற்கு ஆராய்ச்சியின் ஆதரவும் பலமாகவே இருக்கிறது. 2016இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 20 ஆய்வுகளில் இடம்பெற்ற 1,25,198 பிள்ளைகளின் விவரங்களை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, படுக்கும் நேரத்தில் கருவியை உபயோகிக்கும் பிள்ளைகளுக்குத் தூக்கம் குறைவாகவும் தரக்குறைவாகவும் இருப்பதோடு, உபயோகிக்காமல் அறையில் வைத்திருப்பவர்களுக்கும் அதே குறை காணப்படுவதைத் தெரிவித்தது. பெட்டியில் ஒரு செய்தி வந்து காத்திருக்கலாம் என்ற எண்ணமே விழித்திருக்கப் போதுமானதாகிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் அதே ஆண்டில் வெளியிட்ட ஆலோசனைகளிலும், உறங்கும் அறையைக் கருவிகள் இல்லாத இடமாக வைத்துக்கொள்வது முக்கியமாக இடம்பெற்றது. மொத்தமாகத் திரை பார்ப்பதற்கும் பிள்ளைகளின் மனநலத்துக்கும் உள்ள சம்பந்தத்தைப் பற்றி அறிஞர்களிடையே இன்னும் பெரிய வாதப் பிரதிவாதம் நடக்கிறது. ஏமி ஆர்பென், ஆண்ட்ரூ பிரிஸ்பில்ஸ்கி ஆகிய இருவர் 2019இல் மூன்று பெரிய கணக்கெடுப்புகளை ஆராய்ந்து, அந்தச் சம்பந்தம் மிகச் சிறியது, பிள்ளைகளின் மனநலத்தில் காணும் வேறுபாட்டில் 0.4 சதவீதத்துக்கு மேல் அதனால் விளக்கப்படுவதில்லை என்று கண்டார்கள். ஆகையால் ஒரு நாளைக்கு இத்தனை நிமிஷம் என்று கணக்கிட்டுச் சண்டையிடும் விதிகளுக்கு உள்ள ஆதாரத்தைவிட, இரவில் எங்கே வைக்கப்படுகிறது என்ற விதிக்கு உள்ள ஆதாரம் உறுதியானது.

நல்ல விதிதான், ஆனால் அது எங்கே கெடும் என்பதையும் பார்க்க வேண்டும். முதலாவதாக, காலையில் எழுப்பும் மணிக்குக் கைபேசிதான் வேண்டும் என்ற கோரிக்கை ஒரு வாரத்துக்குள் வரும். ஒரு சாதாரண அலாரக் கடிகாரத்தைக் கைபேசியோடு சேர்த்தே வாங்கிவைத்தால் அந்தப் பேச்சுக்கு இடமில்லை. இரண்டாவதாக, வீட்டுப்பாடம் கைபேசி வழியாக வருகிறது என்ற காரணம். அதைப் பொய் என்று ஒதுக்காமல், பாடத்துக்குக் கூடத்தில் உள்ள கணினியை ஏற்பாடு செய்துவிட வேண்டும். மூன்றாவதாக, கைபேசி சரியாக ஏழரைக்கு வந்துவிடுகிறது, பிள்ளையோ காலையில் கண் சிவந்து எழுகிறான் என்றால், வீட்டில் கேட்பாரற்றுக் கிடக்கும் பழைய கருவி ஒன்று போர்வைக்குள் போயிருக்கிறது என்று கொள்ளலாம். விதியை ‘இந்தக் கைபேசி’ என்று எழுதாமல், ‘வீட்டில் இணையத்தோடு தொடர்புள்ள எந்தக் கருவியும்’ என்று எழுதிவிட வேண்டும். நான்காவது இடையூறு நுட்பமானது. ஏழரை மணிக்கு மகன் கைபேசியை நீட்டும்போது அதன் திரை இன்னும் ஒளிர்ந்துகொண்டிருக்கிறது. எதிர்முனையில் உள்ள நண்பன் ஏதோ தட்டச்சு செய்கிறான் என்பதைக் காட்டும் மூன்று புள்ளிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. விரலை எடுக்க மனம் வராமல் அவன் நிற்கிறான். இந்த நிமிஷத்தில்தான் பல வீடுகளில் குரல் உயர்கிறது. ஏழேகாலுக்கே ஓர் அறிவிப்பும், ‘நாளை பேசுகிறேன்’ என்று எழுதி முடிக்க ஐந்து நிமிஷமும் கொடுத்தால், அவன் நண்பர்களிடம் மரியாதை இழக்காமல் விடைபெறுகிறான். தினந்தோறும் நடக்க வேண்டிய ஒப்படைப்பும் தினசரிச் சண்டையாக மாறாமல் நடக்கிறது.

அக்காலத்து ஐபோனில் சில செயலிகளையும் ஆபாசமான உள்ளடக்கத்தையும் தடுக்க வழி இருந்ததேயன்றி, நேரத்துக்குப் பூட்டும் ஏற்பாடு இல்லை. 2018இல்தான் ஆப்பிள் நிறுவனம் ‘ஸ்கிரீன் டைம்’ என்ற பெயரில் அதைச் சேர்த்தது. இப்பொழுது இயந்திரமே ஏழரைக்குத் தன்னைப் பூட்டிக்கொள்ளும்போது கையால் ஒப்படைப்பது எதற்கு என்று கேட்கலாம். இயந்திரப் பூட்டின்மேல் பிள்ளைக்கு ஏற்படுவது அதைத் திறக்கும் ஆசை. அதற்கான உபாயங்களைப் பள்ளித் தோழர்கள் ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுத்துக்கொள்கிறார்கள். கையோடு கை மாறும்போது, ‘இன்றைக்கு முகம் வாடியிருக்கிறதே’ என்று கேட்கும் ஒரு சந்தர்ப்பம் தினமும் வாய்க்கிறது. மேலே சொன்ன ஸ்வீடன் ஆய்வின் வெளிச்சத்தில் பார்த்தால், நான்காம் விதியின் பெரிய லாபம் இதுவேயாகலாம்.

கைபேசி பள்ளிக்குப் போகலாகாது என்கிறது ஐந்தாம் விதி. அரைநாள் பள்ளிக்கும் சுற்றுலாவுக்கும் மாலை நேர நிகழ்ச்சிகளுக்கும் விலக்கைப் பற்றி யோசிக்கலாம் என்று அதுவே இடம் விடுகிறது. ஆறாவது, உடைந்தாலோ தொலைந்தாலோ செலவு மகனுடையது. புல்வெளி வெட்டியோ, பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொண்டோ, பிறந்தநாள் பணத்தைச் சேர்த்துவைத்தோ அவனே தயாராக இருக்க வேண்டும். 13 வயதுப் பிள்ளை புல் வெட்டிச் சம்பாதிக்கும் வழக்கமுள்ள ஊரில் இது நியாயமான விதி. அந்த வழக்கம் இல்லாத ஊர்களில் இதை அப்படியே நகலெடுப்பவர்கள், பிள்ளையால் நிறைவேற்ற முடியாத ஒரு கடனை அவன் தலையில் சுமத்துகிறார்கள்.

ஏழு முதல் ஒன்பது வரையுள்ள விதிகள் வாக்கைப் பற்றியவை. யாரையும் ஏமாற்றவோ புண்படுத்தவோ இக்கருவியைக் கையாளக் கூடாது. நேரில் சொல்ல மாட்டாத எதையும் இதன் வழியாகச் சொல்லக் கூடாது. நண்பர்களின் பெற்றோர் அதே அறையில் இருந்தால் உரக்கச் சொல்ல மாட்டாததையும் எழுதக் கூடாது. மூன்றில் கடைசியானதையே நான் உயர்வாக மதிக்கிறேன். நற்குணத்தோடு இரு என்பது உபதேசம். அதைச் செய்துவிட்டோமா என்று எவனும் சோதித்துப் பார்க்க முடியாது. அறையில் ஒரு தாயார் உட்கார்ந்திருப்பதாகக் கற்பனை செய்துகொள் என்பதோ, அனுப்பும் பொத்தானுக்கு மேல் விரல் நிற்கும்போது ஒரு நொடியில் செய்து பார்த்துவிடக் கூடிய பரீட்சை.

பத்தாவது விதி ஆபாசத்தை விலக்குகிறது. பன்னிரண்டாவது விதி, அந்தரங்க உறுப்புகளின் படத்தை அனுப்பவும் கூடாது, வாங்கவும் கூடாது என்கிறது. சிரிக்காதே, ஒரு நாள் உனக்கே அந்த ஆசை தோன்றும், அது உன் வாழ்வைக் கெடுத்துவிடக்கூடும் என்ற கருத்தில் தாயார் தயக்கமின்றி எச்சரிக்கிறார். அந்த எச்சரிக்கையில் மிகையில்லை. மாசசூசெட்ஸில், சிறுவர்களை வைத்து ஆபாசப் படம் எடுக்கும் பெரியவர்களைத் தண்டிக்க ஏற்பட்ட சட்டத்தின் கீழேயே, தங்களுக்குள் இத்தகைய படங்களைப் பகிர்ந்துகொண்ட சிறார்களும் குற்றவாளிகளாக நிறுத்தப்படக்கூடும் என்ற நிலைமை நெடுநாள் நீடித்தது. 2024இல்தான், அப்படிப்பட்ட சிறார்களைத் தண்டனைக்குப் பதிலாகப் போதனை வழிக்குத் திருப்பிவிட இடமளிக்கும் சட்டம் அங்கே நிறைவேறிற்று.

இருந்தும், கடிதத்தின் மிக அபாயகரமான குறை இந்த விதியில்தான் இருக்கிறது. அனுப்புவது அவன் செயல். வாங்குவது அவன் செயலன்று. ஒரு வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்கு, வகுப்புத் தோழர்கள் பன்னிரண்டு பேர் இருக்கும் குழுவில், உடன் படிக்கும் பெண் ஒருத்தியின் படத்தை எவனோ ஒருவன் போட்டுவிடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். மகன் அதைக் கேட்கவில்லை. ஆனால் அது அவன் கைபேசியில் வந்து கிடக்கிறது. கடிதத்தை அவன் நினைத்துப் பார்க்கிறான்: பன்னிரண்டாம் விதிப்படி, வாங்கியதே மீறல், முகவுரைப்படி, மீறலுக்குத் தண்டனை கைபேசி பறிபோவது, இரண்டாம் விதிப்படி, தாய் எந்த நிமிஷமும் திறந்து பார்க்கலாம், நான்காம் விதிப்படி, இன்னும் ஒன்றரை மணி நேரத்தில் அதை அவர் கையில் கொடுத்தாக வேண்டும். இந்த நான்கையும் கூட்டிப் பார்க்கும் எந்தப் புத்திசாலிச் சிறுவனும் செய்யப்போவது ஒன்றே: படத்தை அழித்துவிட்டு, குழுவிலிருந்து விலகிவிட்டு, வாயை மூடிக்கொண்டிருப்பான். தாய்க்கு ஒன்றும் தெரியாது. அந்தப் பெண்ணின் பெற்றோருக்கும் தெரியாது. படம் மற்றப் பதினோரு கைபேசிகளிலிருந்தும் பரவிக்கொண்டே போகும். நல்ல பிள்ளையை மௌனியாக்கியது அந்த நல்ல விதிதான்.

அதே விதியை வேறு விதமாக எழுதியிருந்தால் என்ன நடக்கும் என்று பார்க்கலாம். ‘நீ அனுப்பக் கூடாது, யாரிடமும் கேட்கக் கூடாது, வந்ததை யாருக்கும் தள்ளிவிடக் கூடாது, நீ கேட்காமலே வந்துவிட்டால், அன்றைக்கே எங்களில் ஒருவரிடம் சொல்லிவிடு, அப்படிச் சொன்னதற்காகக் கைபேசியைப் பறிக்க மாட்டோம்.’ இப்பொழுது அந்த ஒன்றரை மணி நேரத்தில் அவனுக்குச் செய்யத்தக்க ஒரு காரியம் இருக்கிறது. தாயும் செய்ய வேண்டியதை அறிந்திருக்க வேண்டும்: சாட்சியம் என்று எண்ணி அந்தப் படத்தைத் தம் கைபேசிக்கு அனுப்பிக்கொள்ளவோ, பிரதி எடுத்துவைக்கவோ கூடாது, ஏனெனில் சிறாரின் அத்தகைய படத்தை வைத்திருப்பது பெரியவர்களுக்கும் குற்றமாகும், எந்தக் குழு, யார் போட்டது, எத்தனை மணிக்கு என்பவற்றை மட்டும் காகிதத்தில் குறித்துக்கொண்டு, அந்தப் பெண்ணின் பெற்றோருக்கும் பள்ளிக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். பாதிக்கப்பட்டவளுக்கு, காணாமற்போன, சுரண்டப்பட்ட குழந்தைகளுக்கான அமெரிக்கத் தேசிய மையம் 2023இல் தொடங்கிய ‘டேக் இட் டவுன்’ என்ற இலவசச் சேவை உதவக்கூடும்: படத்தை எங்கும் அனுப்பாமல், அவளுடைய கருவியிலேயே அதற்கு ஒரு எண் அடையாளத்தை உண்டாக்கி, திட்டத்தில் சேர்ந்துள்ள நிறுவனங்களின் தளங்களில் அதே படம் தோன்றினால் அவை கண்டுபிடித்து நீக்க வழிசெய்கிறது. எல்லாத் தளங்களும் இதில் சேரவில்லை. முற்றும் மறைகுறியாக்கப்பட்ட தனி உரையாடல்களுக்குள் இது எட்டாது. ஆயினும் முதல் நாளே தெரிந்தால் தடுக்கக்கூடியது அதிகம். அந்த முதல் நாள் கிடைப்பது, விதி எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது.

பதின்மூன்று முதல் பதினேழு வரையுள்ள விதிகளில், எல்லாவற்றையும் படமெடுக்காதே, சில வேளைகளில் கைபேசியை வீட்டிலேயே விட்டுப் போ, புதிய இசையையோ நெடுநாள் நிலைத்த இசையையோ கேள், சொல் விளையாட்டுகளும் புதிர்களும் ஆடு, தலை நிமிர்ந்து உலகத்தைப் பார் என்று தாயார் தம் இருதயத்தையே திறந்து வைத்திருக்கிறார். படிக்க இனிமையானவை, ஆனால் இவற்றை விதிகள் என்ற தலைப்பின் கீழ் வைத்தது சரியா என்பது சந்தேகம். பெற்றோரின் அதிகாரம் எதுவரை செல்லும் என்று பிள்ளைகள் எண்ணுகிறார்கள் என்பதை 1980களிலிருந்து ஆராய்ந்து வந்திருக்கும் ஜூடித் ஸ்மெட்டானா என்ற அமெரிக்க அறிஞர், பிறருக்குத் தீங்கு செய்வதைப் பற்றியும் தமக்கு ஆபத்து நேர்வதைப் பற்றியும் பெற்றோர் கட்டளையிடுவதைப் பதின்ம வயதினர் பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறார்கள் என்றும், இசை, உடை, பொழுதுபோக்கு ஆகியவற்றைத் தம் சொந்த எல்லைக்குட்பட்டவையாகக் கருதுகிறார்கள் என்றும் காட்டினார். ரசனையைப் பற்றிய விதியை மீறும் பிள்ளை, எல்லா விதிகளும் மீறத்தக்கவையே என்ற பாடத்தையும் சேர்த்துக் கற்றுக்கொள்கிறான். இந்த ஐந்தையும் விதிகளிலிருந்து எடுத்து, கடிதத்தின் அடியில் தாயின் ஆசைகளாக எழுதியிருந்தால், அவற்றின் அழகும் குறைந்திராது, மற்ற விதிகளின் கனமும் கூடியிருக்கும்.

பதினெட்டாம் விதி கடிதம் முழுவதையும் காப்பாற்றுகிறது. நீ தவறு செய்வாய், நான் கைபேசியை எடுத்துக்கொள்வேன், இருவரும் உட்கார்ந்து பேசுவோம், மறுபடியும் ஆரம்பிப்போம், நானும் கற்றுக்கொண்டிருப்பவளே, நான் உன் பக்கத்தில் இருக்கிறேன் என்பது அதன் சாரம். மீறல் வரும் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொள்வதால், முகவுரையின் மிரட்டல் இங்கே தணிந்துவிடுகிறது. ஆனால் நடைமுறையில் இதற்கு ஓர் அளவு தேவை. எத்தனை நாளைக்கு எடுத்துக்கொள்வது என்று எழுதாவிட்டால், கோபம் இருக்கும் வரை என்பதே கணக்காகிவிடும். தாமதமாக ஒப்படைத்தால் மறுநாள் ஒரு மணி நேரம் முன்னதாக, கருவியை ஒளித்துவைத்தால் இரண்டு நாள், பிறரைப் புண்படுத்தினால் நேரில் மன்னிப்புக் கேட்கும் வரை என்று, குற்றத்தின் தன்மையோடு பொருந்தும்படி, மகனையே முதலில் சொல்லச் சொல்லி எழுதிக்கொள்வது நலம். பிள்ளைகள் தாங்களே சொல்லும் தண்டனை பெரும்பாலும் பெற்றோர் நினைத்ததைவிடக் கடுமையாக இருப்பதால், அதைக் குறைக்கும் வாய்ப்பும் தாய்க்குக் கிடைக்கிறது.

பதினெட்டு விதிகளிலும் தாயின்மேல் கடமையை விதிப்பது, இந்தக் கடைசி விதியின் சில சொற்களைத் தவிர, ஒன்றுமில்லை. சாப்பாட்டு மேஜையில் தந்தை தம் கைபேசியைப் பார்க்கலாமா? மகனுடைய படத்தை அவனைக் கேட்காமல் உறவினர்களுக்கு அனுப்பலாமா? இந்தக் கடிதமே, 13 வயதுச் சிறுவன் ஒருவனின் வீட்டு நியமங்களைத் தேசம் முழுவதும் அறியும்படி செய்தது என்பதை எண்ணும்போது, கடைசிக் கேள்வி அற்பமானதாகத் தோன்றவில்லை. உடன்பட்ட விதிகள் என்று சொல்ல வேண்டுமானால், கடிதத்தை முடிந்த வடிவத்தில் பரிசுப் பெட்டிக்குள் வைக்காமல், கருவி வாங்குவதற்கு ஒரு வாரம் முன்பே வரைவாக மகனிடம் கொடுத்து, அவன் ஆட்சேபங்களை ஓரத்தில் எழுதச் சொல்லி, பெற்றோர் ஏற்கும் கடமைகளையும் அதே காகிதத்தில் சேர்த்து, இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். பரிசுப் பொட்டலத்தைப் பிரித்து, கருவி கையில் வந்துவிட்ட நிமிஷத்தில் எந்தப் பிள்ளையும் எதற்கும் சம்மதிப்பான். அந்தச் சம்மதத்துக்கு மதிப்பில்லை.

காலமும் ஒரு தரப்பாகவே இந்த ஒப்பந்தத்தில் சேர்ந்திருக்கிறது. 13 வயதில் நியாயமாயிருந்த ஏழரை மணி, 16 வயதில் வேலைக்கோ விளையாட்டுப் பயிற்சிக்கோ போய் எட்டு மணிக்கு வீடு திரும்பும் பிள்ளைக்குப் பொருந்தாது. கடவுச்சொல் விதி, அவன் மருத்துவரிடமும் ஆசிரியரிடமும் தானே பேசத் தொடங்கும் வயதில் தளர வேண்டும். படங்களைப் பற்றிய விதியோ எந்த வயதிலும் தளராது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, சண்டை ஏதும் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையில், காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு, எந்த விதி மீறப்படவே இல்லையோ அதைத் தளர்த்தலாமா என்று முதலில் கேட்டு, பிறகே மீறப்பட்டவற்றுக்கு வர வேண்டும். மாதக் கட்டணத்தை மகனே செலுத்தத் தொடங்கும் நாளில் முதல் விதி தானாகவே காலாவதியாகிறது. அதோடு அதன்மேல் நின்ற ஒப்படைப்பும் கடவுச்சொல்லும் காலாவதியாகின்றன. அந்த நாள் எப்போது வரும் என்பதையும் முதல் வரைவிலேயே, மற்ற விதிகளுக்கு மேலே, ஒரு தேதியாகக் குறித்துவைக்கலாம்.